வாயும் பேச்சும் ஒன்றாக வரட்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

பகலில் இன்ஜினியர் வேலை, இரவில் வீடியோ எடிட்டிங் என்று ஜவ்வாது மலையில் இருக்கிறேன். "ஜமுனாமரத்தூர்ல உனக்கு யாருப்பா வேலை தருவாங்க?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வேலை அடிவாரத்திலிருந்து வருகிறது. முகூர்த்த மாதங்களில் ஸ்டுடியோக்காரர்களுக்குப் படம் பிடிக்கவே நேரம் போதாது. எடிட்டிங்கை வெளியே கொடுப்பார்கள்.

அப்படி வந்த முதல் கல்யாண வேலையை முடித்து, ஹார்டு டிஸ்க்கில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஸ்டுடியோ அண்ணன் கடைசிப் பகுதியைப் போட்டுப் பார்த்தார். "தம்பி, வாய் ஒரு பக்கம் போகுது, பேச்சு ஒரு பக்கம் போகுது. சரி பண்ணிட்டு வா, காசு அப்புறம் பேசிக்கலாம்" என்றார். தொடக்கத்தில் சரியாகத்தான் இருந்தது. கடைசிவரை நான் பார்க்கவில்லை, அதுதான் என் தப்பு.

அதன்பிறகு நானே வகுத்துக்கொண்ட மூன்று பயிற்சிகளைத் தம்பிகளுக்குச் சொல்கிறேன்.

முதல் பயிற்சி, வீட்டில் சாமை குத்துவதைப் பத்து ஷாட்டில் எடுத்து ஒரு நிமிடப் படமாக்குவது. பேச்சும் கூடாது, பாட்டும் கூடாது. பார்க்கிறவர் "இது எப்படி அங்க வந்துச்சு?" என்று கேட்டால், நடுவில் ஒரு ஷாட் குறைகிறது என்று அர்த்தம்.

இரண்டாவதுதான் முக்கியம். தெருக்கூத்தில் 40 நிமிடத்தைச் செல்போனில் படமாகவும், தனி ரெக்கார்டரில் ஒலியாகவும் நிறுத்தாமல் பதியுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் போனுக்கு முன் ஒருமுறை கை தட்டுங்கள். எடிட்டிங்கில் முதல் தட்டலைப் பொருத்திவிட்டுக் கடைசித் தட்டலைப் பாருங்கள். எனக்கு 6 பிரேம் தள்ளியிருந்தது. வினாடிக்கு 25 பிரேம் என்றால் அது கால் வினாடி. 2,400 வினாடியில் கால் வினாடி, அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு கருவிகளின் குவார்ட்ஸ் கடிகாரங்களும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை, அவ்வளவுதான் காரணம்.

உடனே 20-ஆவது நிமிடத்தையும் பாருங்கள். அங்கே 3 பிரேம் தள்ளியிருந்தால் கடிகாரப் பிழைதான். வசனப் பகுதியில் பேச்சு நிற்கிற இடமாகப் பார்த்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒலியை வெட்டி ஒன்றிரண்டு பிரேம் நகர்த்தினால் போதும். பாட்டு நடுவே வெட்டாதீர்கள், மத்தளத்தின் தாளம் காட்டிக்கொடுத்துவிடும். அங்கே ஒலியின் நீளத்தையே அந்த அளவுக்கு இழுக்கவோ சுருக்கவோ வேண்டும்.

ஒரு இடத்தில் கூடியும் ஒரு இடத்தில் குறைந்தும் வந்தால் கோளாறு வேறு. இருட்டில் செல்போன் தானாகவே பிரேம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்தப் படத்தை எடிட்டிங்கில் சேர்க்கும் முன், இலவசமாகக் கிடைக்கும் HandBrake மென்பொருளில் `Constant Framerate` தேர்ந்தெடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, உறவினர் வீட்டுக் காதுகுத்து ஒன்றை முழுப்படமாகவும், 3 நிமிடச் சுருக்கமாகவும் முடிப்பது. ஸ்டுடியோவுக்குப் போகும்போது இரண்டையும் எடுத்துப்போங்கள். சுருக்கத்தைப் பார்த்து ரசிப்பார்கள். ஆனால் முழுப்படத்தின் கடைசிப் பத்து நிமிடத்தைப் பார்த்துத்தான் வேலை தருவார்கள்.

அந்த அண்ணனுக்குச் சரிசெய்த படத்தைக் கொடுத்தபோது, மறுபடியும் கடைசிப் பகுதியைத்தான் போட்டார். பேசாமல் மேசையைத் திறந்து காசை எண்ணினார்.