மாவுக் கடைக்குக் கடன்

இட்லி மாவு அரைத்து விற்கும் ஒரு பெண்மணி, பெரிய கிரைண்டர் வாங்க 40,000 ரூபாய் வேண்டி வங்கி மேலாளர் முன் அமரும்போது, 50,000 ரூபாய் வரையிலான முத்ரா சிசுக் கடனுக்குச் சொத்து ஜாமீன் அவசியமில்லை என்பதால், தவணையைக் கட்டும் சக்தியைக் கணக்கால் நிரூபிப்பதே அவருடைய பிரதான காரியமாகிறது. அவர் இவ்விதம் பேசலாம்:

“ஐயா, சின்னக் கிரைண்டரில் ஈடு ஈடாக அரைத்துக் கட்டுப்படியாகாமல் நான் திருப்பியனுப்பிய கடைக்காரர்களின் கணக்கு இந்த நோட்டில் இருக்கிறது. தினம் 10 கிலோ கூடுதலாகக் கொடுத்தால், கிலோ 40 ரூபாயில் அரிசி, உளுந்து, மின்சாரம், கவர் செலவு 30 போக 10 ரூபாய் நிற்கும். 25 நாளில் 2,500 ரூபாய். இரண்டு வருஷத்துக்கு 12 சதவீத வட்டியென்றால் மாதத் தவணை சுமார் 1,900.”

மிஞ்சும் 600 ரூபாயைத்தான் மேலாளர் உற்றுநோக்குவார். விற்காமல் புளித்துப்போகும் ஒவ்வொரு கிலோவுக்கும் 40 ரூபாய் நஷ்டமாதலால், மாதம் 15 கிலோ வீணாகும்வரை தவணையைக் கட்ட முடியும், அதற்குமேல் முடியாது. இந்த அபாயத்தை மேலாளர் கேட்குமுன் தாமே சொல்லி, முன்தினம் கடைக்காரர்கள் கேட்ட அளவு மட்டுமே அரைப்பதாக அந்தப் பெண்மணி உறுதி கூறுவது மிகவும் உசிதம்.