பழைய வாடிக்கையாளர் குழம்பாமல், கல்லா காலியாகாமல் இரண்டாவது சரக்கு

(சங்கத்தின் வணிகர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கடையில் இரண்டாவதாக ஒரு சரக்கைச் சேர்ப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். பொதுவாகப் பேசினால் எதற்கும் பொருந்தும், யாருக்கும் உதவாது. அதனால் எங்கள் மசாலாக் கடையில் பிரியாணிக் கலவை சேர்த்த கணக்கை அப்படியே சொல்கிறேன்.

அத்தா காலத்திலிருந்து எங்களிடம் விற்பது மசாலாத்தூள். மிளகாய், மல்லி, சீரகம், பிரியாணி மசாலா எல்லாவற்றையும் நிறுத்துக் கொடுப்போம். வருகிறவர்கள் பெரும்பாலும் பழைய ஆட்கள். மக்சிக்மார்கள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார்கள். அவர்களுக்குச் சமையல் தெரியும், அளவும் தெரியும். ஆனால் கடைக்கு வரும் இளம் தம்பதிகளும் சீன நண்பர்களும் கேட்பது வேறு: "ஒரு கிலோ அரிசிக்கு எவ்வளவு போடணும்? வேற என்ன சேர்க்கணும்?" அவர்களுக்காகத்தான் உப்பு, பூண்டுத்தூள், பொரித்த வெங்காயம் எல்லாம் சேர்ந்த ஒரு கலவையைப் பாக்கெட்டில் போட நினைத்தோம்.

இதில் ஆபத்து எங்கே இருக்கிறது தெரியுமா? உப்பில். எங்கள் தூளில் உப்பு கிடையாது, கலவையில் உண்டு. பழைய வாடிக்கையாளர் ஒருவர் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து எடுத்துப் போய், பழக்கப்படி உப்பும் போட்டால் ஐந்து கிலோ பிரியாணி வீணாகிவிடும். அவர் கலவையைக் குறை சொல்லமாட்டார். "அந்தக் கடை மசாலா இப்போ சரியில்லை" என்றுதான் சொல்வார். அதாவது புதுச் சரக்கின் குற்றம் பழைய சரக்கின் தலையில் விழும்.

அதனால் முதலில் பெயரைப் பிரித்தோம். "பிரியாணி மசாலா" என்ற பெயர் தூளுக்கு மட்டும்தான். புதியதற்கு "ஒரு கிலோ அரிசிப் பிரியாணிக் கலவை" என்று பெயர். நீளமான பெயர்தான், ஆனால் யாருக்கானது, எவ்வளவுக்கானது என்று பெயரே சொல்லிவிடுகிறது. தூள் எப்போதும்போல் ஒளி ஊடுருவும் பையில், வெள்ளை ஸ்டிக்கரோடு இருக்கிறது. கலவை பழுப்புக் காகிதப் பையில் வருகிறது. "உப்பு சேர்த்தது" என்பதைத் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் பையின் முன்பக்கத்திலேயே பெரிதாகப் போட்டோம். வைத்த இடமும் தூள் டின்களுக்குப் பக்கத்தில் இல்லை, பணம் கட்டும் மேசைக்கு எதிரே. அந்த மூன்று மாதமும் தூளின் விலை, பை, வைக்கும் இடம் எதையும் நாங்கள் தொடவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால், ஆள் குறையும்போது எதனால் குறைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

கலவையை நாங்களே தயாரிக்கவில்லை. உணவு அமைப்பின் உரிமம் உள்ள ஒரு தயாரிப்பாளரிடம் கொடுத்தோம். லேபிள் அச்சடிக்கும் முன்பு அவருடைய ஹலால் சான்றிதழில் நம் பொருளும் அடங்குகிறதா என்று காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிடுங்கள். அவர் இடத்துக்குச் சான்றிதழ் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து நம் பையில் முத்திரை போட்டுவிட முடியாது.

இனி பணத்துக்கு வருகிறேன். தயாரிப்பாளர் சொன்ன விலை இது: 1,000 பாக்கெட் எடுத்தால் ஒன்று 2.60 வெள்ளி, 300 எடுத்தால் 3.10 வெள்ளி. நாங்கள் விற்க நினைத்தது 4.20. யாரைக் கேட்டாலும் ஆயிரம் எடு, லாபம் அதிகம் என்பார்கள். ஸ்டிக்கரோடு சேர்த்து ஆயிரத்துக்கு 2,780 வெள்ளி ஆகிறது, ஒரு பாக்கெட்டில் 1.42 நிற்கும். முந்நூறுக்கு 1,008 வெள்ளி, ஒரு பாக்கெட்டில் 84 காசுதான் நிற்கும்.

ஆனால் நான் வேறு ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தேன். போட்ட முதல் திரும்பி வர எத்தனை பாக்கெட் விற்க வேண்டும்? ஆயிரம் எடுத்தால் 662. முந்நூறு எடுத்தால் 240. வாரத்துக்கு 40 விற்கும் என்று கணக்கு வைத்தோம். முந்நூறில் ஆறு வாரத்தில் முதல் கைக்கு வந்துவிடும். ஆயிரத்தில் நான்கு மாதம் ஆகும். அந்த நான்கு மாதமும் 2,780 வெள்ளி அலமாரியில் உட்கார்ந்திருக்கும். பொரித்த வெங்காயம் உள்ள கலவை வேறு, நாளாக நாளாக எண்ணெய் வாடை வரும். ஒரு பாக்கெட்டை நாமே மாதம் ஒருமுறை பிரித்து முகர்ந்து பார்க்க வேண்டும். சிறிய அளவில் எடுத்ததால் முந்நூறுக்கும் சேர்த்து எங்களுக்குக் குறைந்த லாபம் 174 வெள்ளி. விற்குமா விற்காதா என்று தெரிந்துகொள்ளக் கொடுத்த கட்டணம் என்று அதை வைத்துக்கொண்டேன்.

பணத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மிளகாய் இறக்குமதியாளர் எங்களுக்கு 30 நாள் தவணை தருகிறார். கலவை தயாரிப்பாளர் பாதிப் பணத்தை முன்கூட்டியே கேட்கிறார், மீதியைச் சரக்கு வந்ததும் கேட்கிறார். கல்லா ஒன்றுதான் என்பதால் மிளகாய்க்குக் கட்ட வேண்டிய பணம் தெரியாமலே கலவைக்குப் போய்விடும். அதனால் இரண்டு மாத வாடகை, சம்பளம், மிளகாய்த் தவணை இவற்றைத் தனியாக ஒதுக்கினோம். மீதியில் பாதிக்கு மேல் கலவைக்குப் போகக்கூடாது என்று அத்தா சொன்னார். பாலிடெக்னிக்கில் இதற்குப் பெரிய பெயர் சொல்லிக் கொடுத்தார்கள், அத்தா ஒரு பழைய டைரியில் கோடு போட்டே முடித்துவிட்டார். நோன்பு மாதத்துக்கு முன்பு தொடங்கவும் இல்லை. அப்போது பணமெல்லாம் தூளில் முடங்கிக் கிடக்கும், கூட்டத்தில் யாருக்கும் எதையும் விளக்கிச் சொல்லவும் நேரம் இருக்காது. பெருநாள் முடிந்து கடை ஓய்ந்த பிறகுதான் தொடங்கினோம்.

பக்கத்து மினிமார்ட் ஒன்று நூறு பாக்கெட் கேட்டது, விற்ற பிறகு பணம் என்றது. முந்நூறில் நூறு வெளியே போனால் மூன்றில் ஒரு பங்கு முதல் இன்னொருவர் கடையில் நிற்கும். அடுத்த தொகுதியில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டோம்.

விற்கத் தொடங்கிய பிறகு ஒரு சின்ன வேலை செய்தோம். அதைத்தான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். கலவை வாங்குகிறவரிடம், "இதுக்கு முன்னாடி நம்ம தூள் வாங்கியிருக்கீங்களா?" என்று கேட்டு நோட்டில் புதியவர், மாறியவர் என்று இரண்டு பத்தியில் கோடு போட்டோம். காரணம் இதுதான். பிரியாணி மசாலா ஒரு பையில் எங்களுக்கு 1.50 நிற்கும். அதை விட்டுக் கலவைக்கு மாறுகிறவரால் 84 காசு வருகிறது, 1.50 போகிறது. வாரம் 40 கலவை விற்றால் வருவது 33.60. அதில் 10 பேர் மாறியவர்கள் என்றால் 15 வெள்ளி கழிந்து 18.60 மிஞ்சும். 22 பேருக்கு மேல் மாறினால் கலவை நன்றாக ஓடுவதுபோல் தெரியும், கடையோ நட்டத்தில் இருக்கும். கல்லாவை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

எங்கள் நோட்டில் மாறியவர்கள் வாரத்துக்கு எட்டு, ஒன்பது பேர்தான். மக்சிக்மார்கள் கலவைப் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உப்பு நான் போட்டுக்கிறேன்" என்று வைத்துவிட்டார்கள். எனக்கு அது நல்ல செய்தி. ஆறு வாரம் என்று நினைத்தது ஏழு வாரம் ஆனது. இரண்டாவது தொகுதிக்கு 500 கேட்டு, முன்பணத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கச் சொல்லியிருக்கிறோம். ஆயிரத்துக்கு இன்னும் போகவில்லை.