வங்கத்தில் இஸ்லாம்: வாளா, விடுதலையா, ஏரா?



மதமாற்றம் என்றதும் நமக்கு 1981இன் மீனாட்சிபுரம் நினைவுக்கு வரும். சாதி இழிவிலிருந்து வெளியேற அந்த ஊரின் தலித் மக்களில் பெரும்பாலோர் இஸ்லாத்தைத் தழுவினார்கள். 'இந்தியா முழுவதும் இப்படித்தான் நடந்தது' என்று நானும் மேடைகளில் பேசியிருக்கிறேன். முனைவர் பட்ட ஆய்வுக்காக வங்க வரலாற்றைப் படித்தபோது அந்தப் பேச்சைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

பக்தியார் கில்ஜி வங்கத்திற்குள் நுழைந்தது 1204 வாக்கில். 1872இல் ஆங்கிலேயர் எடுத்த மக்கள்தொகைக் கணக்கு ஒரு வியப்பைத் தந்தது. கிழக்கு வங்கத்தின் பல மாவட்டங்களில் முஸ்லிம்களே பெரும்பான்மை. அவர்களில் மிகப் பெரும்பாலோர் உழவர்கள். வாள்தான் காரணம் என்றால், சுல்தான்களின் கோட்டையான டெல்லியைச் சுற்றித்தானே முஸ்லிம்கள் அதிகம் இருந்திருக்க வேண்டும்? அங்கே அவர்கள் சிறுபான்மையினர்.

அப்படியானால் சாதிக்கொடுமையா? வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் ஈட்டன் இதையும் மறுக்கிறார். பார்ப்பனியம் ஆழ வேரூன்றியது மேற்கு வங்கத்தில்; மக்கள் பெருமளவில் மாறியதோ அது மேலோட்டமாகவே எட்டியிருந்த கிழக்கில். அக்கால முஸ்லிம் எழுத்தாளர்களும் தங்கள் மதத்தைச் சமத்துவத்தின் பெயரால் முன்வைக்கவில்லை. ஓரிறைக் கொள்கையைத்தான் வலியுறுத்தினர்.

ஈட்டன் காட்டும் காரணம் நிலம். கங்கையின் முதன்மை நீரோட்டம் 16ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் கிழக்கே திரும்பியது. வண்டல் படிந்த காடுகள் நெல்வயல்களாகும் வாய்ப்பு வந்தது. காட்டைத் திருத்துவோருக்கு முகலாய அதிகாரிகள் வரியில்லா நிலம் வழங்கினர். அந்த நிலத்தின் வருவாயில் ஒரு பள்ளிவாசலைப் பராமரிக்க வேண்டும் என்பது பல பட்டயங்களின் நிபந்தனை. கூரை வேய்ந்த அந்தச் சிறு பள்ளிவாசலைச் சுற்றியே புதிய ஊர் உருவானது. காட்டிலும் மீன்பிடியிலும் வாழ்ந்த மக்கள் ஏர் பிடித்தார்கள்; கூடவே அந்த மதமும் வந்தது.

அதுவும் ஒரே நாளில் அல்ல. முதலில் உள்ளூர்த் தெய்வங்களோடு அல்லாவும் சேர்ந்தார். பிறகு அல்லாவும் நிரஞ்சனும் ஒன்றென்று பாடினார்கள். பழைய தெய்வங்களை முற்றாக விலக்கும் முனைப்பு வலுத்தது 19ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்த இயக்கங்களின் காலத்தில்தான். பலர், தாம் மதம் மாறுகிறோம் என்று அறியாமலேயே மாறியிருப்பார்கள்.

இதற்கும் வரம்பு உண்டு. அந்த உழவர்கள் தங்கள் மனதை எழுதிவைக்கவில்லை. பட்டயங்களை எழுதியவர்கள் அதிகாரிகள். சாதி வலி எங்குமே காரணமில்லை என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. மீனாட்சிபுரத்து மக்கள் தங்கள் காரணத்தைத் தாங்களே சொன்னார்கள்; அது உண்மை.

ஆனால் அந்த உண்மையை 17ஆம் நூற்றாண்டு வங்க உழவர் வாயில் நாம் திணிக்கக்கூடாது. 'வாளால் மாற்றினார்கள்' என்ற பொய்யை உடைக்க நமக்குச் சான்று போதும். நமக்குப் பிடித்த இன்னொரு கதை தேவையில்லை.