கணக்கைப் பார்க்க வந்திருப்பவர்கள் யார்?

(அண்டை ஊர் ஜமாஅத்தின் பைத்துல்மால் ஊழியர்களிடையே, ஜகாத் கணக்கு ஆய்வின் முதல் நாளன்று நமது இமாம் அவர்கள் ஆற்றிய அறிமுக உரை)



அறைக்குள் நாங்கள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. அது இயல்பே. எனவே முதலில் நாங்கள் யார் என்பதைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் வக்ஃபு வாரியத்திலிருந்து வந்தவர்கள் அல்லர். ஆண்டுக் கணக்கில் கையொப்பமிடும் ஆடிட்டரும் அல்லர். ஜகாத்தின் சட்டங்களை ஓதியவர் ஒருவர், கணக்கு எழுதத் தெரிந்தவர் ஒருவர், ஆக இருவர். உங்கள் நிர்வாகக் குழு எழுதிய கடிதம் இதோ மேசைமீது உள்ளது. அனைவரும் படித்துப் பாருங்கள். ஜகாத்தாக வந்த தொகை ஜகாத்துக்குரியவர்களையே அடைந்ததா, பதிவேடுகளை எப்படித் திருத்தி அமைக்கலாம் என்ற இரண்டே கேள்விகள்தாம் அதில் உள்ளன. யாரையும் நியமிக்கவோ நீக்கவோ எங்களுக்கு அதிகாரமில்லை.

ஆய்வு என்ற சொல்லைக் கேட்டதும், "நம்மைத் திருடனென்று எண்ணிவிட்டார்களோ?" என்று மனம் நோவது புதிதல்ல. கூஃபாவின் ஆளுநராக இருந்த ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள்மீது புகார் வந்தபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் முஹம்மத் இப்னு மஸ்லமா (ரலி) அவர்களை விசாரிக்க அனுப்பினார்கள். அந்த விசாரணை மறைவாக நடக்கவில்லை. ஸஅத் (ரலி) அவர்களையும் உடன் அழைத்துக்கொண்டு பள்ளி பள்ளியாகச் சென்று மக்களிடம் கேட்டார்கள். எல்லோரும் நல்லதே சொன்னார்கள். ஒருவர் மட்டும் குறை கூறினார். ஆயினும் உமர் (ரலி) அவர்கள் ஸஅதைப் பதவியிலிருந்து விடுவித்தார்கள். பின்னர் தமக்குப் பின் கலீஃபாவைத் தேர்ந்தெடுக்கும் அறுவரில் ஒருவராக அவரையே குறிப்பிட்டு, இயலாமைக்காகவோ மோசடிக்காகவோ அவரைத் தாம் நீக்கவில்லை என்று தெளிவுபடுத்தினார்கள்.

இதை முழுமையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "உங்களுக்கு ஒன்றும் நேராது" என்று வாக்களிப்பது எங்களுக்கு எளிது. ஆனால் நிர்வாகம் பின்னர் என்ன முடிவெடுக்கும் என்பது எங்கள் கையில் இல்லை. எங்கள் கையில் இருப்பது, உங்கள் பதிவேட்டை உங்களை அருகில் வைத்துக்கொண்டே பார்ப்பதும், கண்டதைக் கண்டபடி எழுதுவதும்தான்.

எப்படிப் பார்ப்போம் என்பதற்கு, வேறோர் ஊரில் கண்டதைச் சொல்கிறோம். அங்கு ரமளான் மாத ஜகாத் ரசீதுகளைக் கூட்டினால் 1,84,500 ரூபாய். ஜகாத்துக்கான வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டிருந்ததோ 1,61,500. குறைவு 23,000. ஊரில் அதற்குள் காசாளரின் பெயர் அடிபடத் தொடங்கிவிட்டது. (கணக்கு முடியுமுன் பேச்சு முடிந்துவிடுவது நம் ஊர்களின் வழக்கம்!) நாங்கள் காசாளரையே பக்கத்தில் அமர்த்தி, ரசீதின் அடிக்கட்டை, ரொக்கப் புத்தகம், வங்கிச் செலான் மூன்றையும் நாள்வாரியாக ஒப்பிட்டோம். பிறை 27 அன்று பொது நன்கொடை ரசீதுகள் 12,400 ரூபாய்க்கே இருந்தன. பொதுக் கணக்கிலோ 35,400 செலுத்தப்பட்டிருந்தது. மிகுதி சரியாக 23,000.

அடிக்கட்டைகளைப் புரட்டியபோது காசாளரே கண்டுபிடித்துக் காட்டினார். ரசீதில் 'நன்கொடை' என்று மட்டுமே அச்சிடப்பட்டிருந்தது. ஜகாத் என்று வாயால் சொல்லிக் கொடுத்தவர்களுக்கு, அடிக்கட்டையில் பென்சிலால் 'ஜ' என்று குறிப்பது அவரது பழக்கம். 15,000, 8,000 ஆகிய இரு ரசீதுகளில் அந்தக் குறி இருந்தது. இரவுக் கூட்டத்தில் பணத்தை எண்ணி, மறுநாள் வங்கிக்குச் சென்றவர் வேறொருவர். அவர் பென்சில் குறியைப் பார்க்கவில்லை. பணம் எங்கும் போகவில்லை. ஆனால் பொதுக் கணக்கிலிருந்து பள்ளியின் மின்கட்டணமும் பராமரிப்பும் செலுத்தப்பட்டுவிட்டன. ஷாபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் பள்ளிச் செலவு ஜகாத்துக்குரிய எட்டு வகையில் சேராது. ஆகவே 23,000 ரூபாயைப் பொது நிதியிலிருந்து திருப்பி வைக்கச் சொன்னோம். அடுத்த ஆண்டு ஜகாத்துக்குத் தனி நிறத்தில் ரசீதுப் புத்தகம் அச்சடித்தார்கள். அந்தப் பெரியவர் இன்றும் அங்கே காசாளர்தாம்.

எல்லா இடத்திலும் இப்படியே முடியும் என்று சொல்ல மாட்டோம். அறிந்தே பணத்தை எடுத்திருந்தால் அதை மறைக்க எங்களால் இயலாது, மறைக்கவும் மாட்டோம். எதை எழுதினாலும் அதைத் தொடர்புடையவரிடமே முதலில் காட்டுவோம். அவர் இரண்டு நாட்களுக்குள் தரும் எழுத்துப்பூர்வமான பதில், ஒரு சொல்லும் மாறாமல் அறிக்கையுடன் இணைக்கப்படும். உதவி பெற்ற விதவைகள், ஏழைகள் எவருடைய பெயரும் அறிக்கையில் இடம்பெறாது. வவுச்சர் எண் மட்டுமே இருக்கும். இங்கு ஒருவர் மற்றவரைப் பற்றித் தனியே வந்து சொல்வதையும் நாங்கள் ஏற்பதாயில்லை. அவர் இருக்கும்போதே சொல்லட்டும்.

நாளை அஸருக்குப் பின் தொடங்குவோம். சென்ற ரமளானின் ரசீதுப் புத்தகங்களும் செலான்களும் வேண்டும். பென்சிலால் குறித்தவை ஏதும் இருந்தால், இன்றிரவு அவற்றை அழித்துச் சுத்தமாக எழுதி வைக்க வேண்டாம், இருக்கிறபடியே கொண்டுவாருங்கள். இப்போது உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.