மருந்தடித்த மண்ணில் போஞ்சி எப்போது போடலாம்?



போன கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்ட கேள்வியோடு தொடங்குகிறோம். லயத்துக்கு மேலே தேயிலை பிடுங்கிய துண்டு நிலத்தை மரக்கறி போடத் தந்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு முன் அங்கே டையூரோன் அடித்தது. இப்போது போஞ்சி போடலாமா?

களைநாசினி மண்ணில் பாதியாகக் குறைய எடுக்கும் காலத்தை அரைவாழ்வுக்காலம் என்கிறார்கள். 2,4-டிக்கு அது ஏறக்குறைய 10 நாள், டையூரோனுக்கு ஏறக்குறைய 90 நாள். இரண்டையும் ஒரே நாளில் நூறு பங்கு அடித்ததாக வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்தில் 2,4-டி ஒரு பங்குகூட மிஞ்சாது. டையூரோன் ஐம்பது பங்கு கிடக்கும். இன்னும் மூன்று மாதத்தில் மீதியும் போய்விடும் என்று நினைத்தால் அது பிழை. மீதியில் பாதிதான் போகும். ஆறு மாதத்தில் 25, ஒன்பது மாதத்தில் 12 அல்லது 13 பங்கு. ஆறாம் மாதம் திரும்ப அடித்தால் அன்று மண்ணில் 125 பங்கு.

இந்த நாட்கணக்கும் எல்லா மலைக்கும் ஒன்றல்ல. மருந்தைச் சிதைப்பவை பெரும்பாலும் மண்ணிலுள்ள நுண்ணங்கிகள். அவற்றுக்கு ஈரம் வேண்டும். ஜனவரி, பெப்ரவரியில் மண் காய்ந்து கிடந்தால் வேலை மந்தமாகும். அந்த நாட்களை முழு நாளாகக் கணக்கெடுக்க முடியாது. தண்ணீர் தேங்கி நின்றாலும் காற்றில்லாமல் அவை சுணங்கும். குளிர் கூடிய மலையிலும் அப்படியே.

இலைதழை மக்கிய கறுப்பு மண் டையூரோனைப் பிடித்து வைக்கும். பிடிபட்ட மருந்து வேரைச் சுலபமாக எட்டாது. நுண்ணங்கிகளுக்கும் சுலபமாகக் கிடைக்காது. ஆகவே பயிருக்குத் தீங்கு குறைந்தாலும் மருந்து நெடுநாள் தங்கலாம். மேல்மண் கழுவுண்ட சரிவில் பிடித்து வைக்க ஒன்றுமில்லை. அங்கே மழை அதைக் கீழே கொண்டுபோகும். கீழே நம் பீலி இருந்தால் மண்ணில் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட முடியாது.

நீண்டநாள் கிடப்பதும் பயிரைக் கெடுப்பதும் ஒன்றல்ல. இப்போது தடைசெய்யப்பட்டுள்ள பரகுவாட் களிமண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். ஆனாலும் அங்கே செடி முளைக்கும். அதே மருந்து மனிதன் வயிற்றுக்குள் போனால் உயிரை எடுக்கும். அதனால் அரைவாழ்வுக்காலத்தை வைத்து மருந்தடிப்பவரின் ஆபத்தை அளக்கக் கூடாது.

சகோதரிக்கு எங்கள் பதில்: இப்போது போடவேண்டாம், முதலில் சோதியுங்கள். அந்தத் துண்டில் நாலைந்து இடத்தில் நாலு அங்குல ஆழம்வரை மண்ணெடுத்துக் கலந்து ஒரு சட்டியில் போடுங்கள். மருந்தடிக்காத அதே மாதிரி மண்ணை இன்னொரு சட்டியில் போடுங்கள். இரண்டிலும் பத்துப் போஞ்சி விதை ஊன்றி, வெயில் படும் இடத்தில் மூன்று கிழமை பாருங்கள். முளைத்ததும் ஏமாந்துவிடாதீர்கள், டையூரோன் இருந்தாலும் முளைக்கும். பிறகுதான் கீழ் இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகிக் கருகும். நல்ல மண்ணில் பச்சையாக நிற்க, மற்றதில் அப்படி ஆனால் மக்கிய எருவைக் கொத்திக் கலந்து, மண்ணை ஈரமாக வைத்து, இரண்டு மாதம் கழித்துத் திரும்பவும் சட்டி வையுங்கள். இந்தச் சோதனை பயிர் தாங்குமா என்பதை மட்டுமே காட்டும். காயில் மருந்து இருக்கிறதா என்பதை ஆய்வுகூடத்தில்தான் பார்க்க முடியும்.