மர்மப் பெட்டி: பாலர் பாடசாலையில் மணமும் தொடுகையும்
(பெற்றோருக்கான உரையின் எழுத்து வடிவம்)



பலெர்மோவில் மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகள் பயிலும் பாலர் பாடசாலையில் ஐம்புலன்கள் பற்றிய பாடம் தொடங்கும்போது, பெற்றோர் கைக்கு ஒரு சிறு குறிப்பு வருவதுண்டு. வீட்டிலிருந்து மணமுள்ள ஒரு பொருளையும், கையால் தடவி அறியத்தக்க ஒரு பொருளையும் அனுப்புமாறு அதில் கேட்கப்பட்டிருக்கும். அப்பொருட்கள் மூடிய பெட்டிக்குள்ளோ துணிப்பைக்குள்ளோ வைக்கப்படும். குழந்தை பாராமல் கைவிட்டுத் தடவியும், முகர்ந்தும் அவற்றை அறிய வேண்டும். எதை அனுப்புவது, எதை அனுப்பலாகாது, அந்த விளையாட்டில் தமிழ்க் குழந்தைக்கு எங்கே இடறல் நேர்கிறது என்பனவே இவ்வுரையின் பொருள்.

இவ்விளையாட்டு இத்தாலி மண்ணில் வேரூன்றியது. மரியா மொண்டெசோரி அம்மையார் 1907 சனவரி 6ஆம் நாள் உரோமையின் சான் லொரென்சோ பகுதியில் தமது முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு பொருட்களைக் கையால் அறியும் பயிற்சியும், மணக் குப்பிகளை இணை சேர்க்கும் பயிற்சியும் அவருடைய முறையில் இடம்பெற்றன. அதே அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்பதும், போரின் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது என்பதும் நம்மவர் பலர் அறியாதவை. அவருடைய முறையின் அடிப்படை எளிது. ஒரு நேரத்தில் ஒரு புலனை மட்டும் வேலை செய்ய விடவேண்டும். கண் திறந்திருந்தால் கையும் மூக்கும் சோம்பிவிடும். ஆகவேதான் பெட்டியை மூடுகிறார்கள்.

முதலில் தொடுகை. காலணிப் பெட்டி ஒன்றின் பக்கத்தில் குழந்தையின் கை நுழையும் அளவுக்குத் துளையிட்டு, அதன் விளிம்பில் பழைய காலுறையின் மேற்பகுதியை ஒட்டினால் எட்டிப் பார்க்க இயலாது. பொருட்களை உடனே உள்ளே இடலாகாது. முதலில் மரக்கரண்டி, உலோகக் கரண்டி, எலுமிச்சம்பழம், பஞ்சு ஆகிய நான்கையும் மேசைமேல் வைத்துக் குழந்தை கண்டும் தடவியும் பழக வேண்டும். பின்னர் அவை பெட்டிக்குள் போகின்றன. ஆசிரியை வெளியே வேறொரு மரக்கரண்டியைக் கையில் கொடுத்து, இதைப் போன்றதை உள்ளிருந்து எடு என்கிறார். பெயர் சொல்லும்படி இன்னும் கேட்பதில்லை. கரண்டிகள் இரண்டும் வடிவில் ஒத்திருந்தாலும், உலோகம் கையின் வெப்பத்தை விரைந்து இழுத்துக்கொள்வதால் குளிர்ச்சியாகத் தோன்றும்; நான்கு வயதுக் குழந்தை இந்த வேறுபாட்டை விரைவில் பிடித்துக்கொள்ளும். சூன் மாத வெயிலில் வகுப்பறை சூடேறியபின் அந்தக் குளிர்ச்சி மங்கிவிடும். அப்போது குழந்தை தவறினால் குற்றம் குழந்தையுடையதன்று.

சில குழந்தைகள் துளையருகே வந்ததும் கையைப் பின்னே இழுத்துக்கொள்வார்கள். அவர்களுடைய கையைப் பிடித்து உள்ளே தள்ளுவது பெரும் பிழை. அதன்பின் அக்குழந்தை பெட்டியையே அஞ்சும். மெல்லிய துணிப்பையின் வெளிப்புறமாகத் தடவச் செய்து தொடங்குவதே தக்கது. ஈரமானதும் வழுக்குவதுமான பொருள்களை முதல் நாளில் வைக்கக்கூடாது.

அடுத்து மணம். மூடியுள்ள, உள்ளே தெரியாத ஆறு சிறு குப்பிகள் போதும். கறுவாப்பட்டை இரண்டில், கோப்பிக்கொட்டை இரண்டில், எலுமிச்சைத் தோல் இரண்டில் வைத்து, மேலே மெல்லிய துணி கட்டவேண்டும். குலுக்கினால் கோப்பிக்கொட்டை ஒலியெழுப்பிக் காட்டிக்கொடுத்துவிடும்; எல்லாக் குப்பிகளிலும் பஞ்சு வைத்தால் இது நேராது. இணைகளின் அடியில் ஒரே நிறப் புள்ளி இட்டால் குழந்தை தானே திருப்பிப் பார்த்துச் சரியா என அறிந்துகொள்ளும். எலுமிச்சைத் தோலை அன்றன்று மாற்றவேண்டும். மூடிகளை மாற்றி மூடினால் மணங்கள் கலந்து, மறுநாள் ஆசிரியையும் குழம்புவார்.

மூன்று வயதுக் குழந்தைகளில் பலர் முகரச் சொன்னால் உள்ளிழுப்பதற்குப் பதிலாக ஊதுவார்கள். ஆகையால் வாயை மூடி மூச்சை உள்ளிழுக்கும் பழக்கத்தை முதலில் வீட்டில் ஒரு பூவைக்கொண்டு கற்பிக்கலாம். மூன்று நான்கு குப்பிகளுக்குப் பின் மூக்கு சலித்துவிடும். சிறிது நேரம் விட்டுத் தொடர வேண்டும். தடிமன் பிடித்த நாளில் இவ்விளையாட்டே வேண்டாம்.

இனித் தமிழ்க் குழந்தைக்கு நேரும் இடறல். நான்கு வயதுக் குழந்தை ஒன்று கறுவாக் குப்பியை முகர்ந்ததும் முகம் மலர்கிறது; ஆயினும் பேசாமல் நிற்கிறது. வீட்டில் அதன் பெயர் கறுவா, பாடசாலையில் கன்னெல்லா. இரண்டாவது சொல் இன்னும் நாவில் வரவில்லை. மௌனத்தைக் கண்ட ஆசிரியை, குழந்தைக்கு மணம் தெரியவில்லை என்று குறிப்பேட்டில் எழுதிவிடக்கூடும். மணத்துக்குப் பெயர் சொல்வது வளர்ந்தவர்க்கே கடினம்; அறிந்த மணமாயினும் பெயர் நாவிலேயே நிற்கும். ஆகவே இணை சேர்க்கச் சொல்லிப் பார்க்குமாறு ஆசிரியையைப் பெற்றோர் கேட்கலாம். சரியாக இணை சேர்த்த குழந்தைக்கு மூக்கிலும் குறையில்லை, அறிவிலும் குறையில்லை. வேண்டியது ஒரு சொல் மட்டுமே.

அச்சொல்லை வீட்டிலேயே மூன்று படிகளில் தரலாம். "இது கறுவா, இது கோப்பி" என்பது முதற்படி. "கறுவா எது, காட்டு" என்பது இரண்டாவது. "இது என்ன?" என்பது மூன்றாவது. இரண்டாம் படியில் தடுமாறும் குழந்தையிடம் மூன்றாவதைக் கேட்காமல், மீண்டும் முதற்படிக்குச் செல்லவேண்டும். தமிழில் உறுதியானபின் இத்தாலியச் சொல்லை அதே வழியில் சேர்க்கலாம். கறுவா இதற்கு நல்ல தேர்வு. பலெர்மோவில் கோடையில் செய்யும் வத்தகப்பழக் களியான ஜெலோ தி மெல்லோனே கறுவாவும் மல்லிகையும் மணக்கும் பண்டம். வகுப்பிலுள்ள பலெர்மோக் குழந்தைக்கும் அது வீட்டு மணமே. பெருஞ்சீரகமும் அவ்வாறே: மத்தி மீனுடன் சமைக்கும் இந்நகரப் பாஸ்தாவில் காட்டுப் பெருஞ்சீரகத் தழை சேர்கிறது.

இறுதியாக, அனுப்பலாகாதவை. கற்பூரத்தை எக்காரணங்கொண்டும் அனுப்பாதீர்கள். கற்கண்டு போலத் தோன்றும் அதனைச் சிறிதளவு விழுங்கினாலும் சிறு குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும். துணிப்பெட்டியில் இடும் பூச்சியுருண்டைக்கும் இடமில்லை. ஜி6பிடி எனும் நொதிக் குறைபாடு சிசிலியரிடமும் நம்மவரிடமும் காணப்படுவது. அக்குறைபாடு உள்ள குழந்தைக்குப் பூச்சியுருண்டையாலும், உட்கொண்ட பாவே அவரையாலும் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையக்கூடும். தொடுகைப் பெட்டியை நிரப்ப உலர்ந்த பாவே அவரையை இடும் வழக்கம் உண்டு. அவ்வாறான குழந்தையின் பெற்றோர் ஆசிரியையிடம் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்கவேண்டும். எள், கடுகு, நிலக்கடலை ஆகியன ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் உணவுப் பொதிகளில் குறிப்பிடப் பணிக்கும் 14 ஒவ்வாமைப் பொருள்களுள் அடங்குவதால் அவற்றையும் தவிர்க்கவும். மிளகாய்த்தூள், மிளகுத்தூள் மூக்கையும் கண்ணையும் எரிக்கும். மூன்று வயது நிரம்பாத குழந்தைகளும் உள்ள வகுப்பாயின், 3.2 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குழாய்க்குள் அடங்கிவிடும் எந்தப் பொருளும் தொண்டையில் சிக்கும் அளவினதே என்று கொள்க.

பூ அனுப்புவோர் பெயரில் கவனம் கொள்க. இந்நகரத்தின் அடையாளமான பொமேலியா, நம் ஈழத்தலரி. அதன் காம்பிலிருந்து வடியும் பால் தோலை உறுத்தும். ஆகவே பால் வடியாத, உதிர்ந்த பூவையே அனுப்பலாம். ஆனால் வெறுமனே அலரி என்றால் வீதியோரங்களில் இளஞ்சிவப்பாகப் பூக்கும் ஒலெயாந்த்ரோவையும் குறிக்கும். அதன் இலையும் பூவும் தண்டும் நஞ்சு. குறிப்பில் பொமேலியா என்று இத்தாலியப் பெயரையே எழுதி அனுப்பவும்.