வைப்பாளர் எத்தனை ஆண்டு காத்திருப்பார்?
டியூரேஷன் இடைவெளியும் வங்கியின் சொந்த மூலதனமும்



வட்டி ஏறினால் வங்கிக்கு லாபம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கடனுக்கு அதிக வட்டி வரும், சேமிப்புக் கணக்குக்கு அதே பழைய வட்டியைக் கொடுத்தால் போதும் என்பது அந்தக் கணக்கு. பால் சாமுவேல்சன் 1945இல் எழுதிய ஒரு கட்டுரையிலேயே, வட்டி உயர்வு வங்கி அமைப்புக்கு நன்மையே செய்யும் என்று வாதிட்டார். அப்படியிருக்க, 2022இல் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கி ஓராண்டுக்குள், கலிபோர்னியாவின் சிலிக்கான் வேலி வங்கி எப்படி விழுந்தது? இன்று அந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். விடை டியூரேஷன் இடைவெளியில் இருக்கிறது. அந்த இடைவெளியில் பாதி கணக்கு, மீதி ஊகம்.

முதலில் டியூரேஷன். 1938இல் ஃபிரெடரிக் மெக்காலே கொடுத்த கருத்து இது. ஒரு கடன் பத்திரத்திலிருந்து ஆண்டுதோறும் வரவிருக்கும் தொகைகளை, அவற்றின் இன்றைய மதிப்புக்கு ஏற்ற எடைக்கற்களாக ஒரு கோலின் மேல் வரிசையாக வையுங்கள். முதலாண்டுத் தொகை முதல் புள்ளியில், பத்தாம் ஆண்டுத் தொகை பத்தாம் புள்ளியில். கோல் சாயாமல் நிற்கும் இடமே டியூரேஷன். அதைச் சற்றே திருத்தி, வட்டி ஒரு சதவீதப் புள்ளி ஏறினால் விலை எத்தனை சதவீதம் இறங்கும் என்று சொல்லும் எண்ணாகப் பயன்படுத்துகிறோம். இன்று நான் டியூரேஷன் என்று சொல்வதெல்லாம் இந்தத் திருத்திய எண்ணையே.

7 சதவீத வட்டி தரும் பத்தாண்டுப் பத்திரம் 100 ரூபாய்க்கு விற்கிறது என்றால், அதன் டியூரேஷன் ஏறக்குறைய 7. சந்தை வட்டி 8 ஆனால் விலை சுமார் 7 ரூபாய் குறைய வேண்டும். உண்மையில் 93 ரூபாய் 29 காசுக்கு வரும். வட்டி 9 ஆனால் சூத்திரப்படி 14 ரூபாய் போக வேண்டும். உண்மையில் 13 ரூபாய்க்கும் குறைவாகவே போகிறது. அதாவது சாதாரணப் பத்திரத்தில் சூத்திரம் நட்டத்தைக் கொஞ்சம் மிகைப்படுத்தும். வீட்டுக் கடன் பத்திரத்தில் இது தலைகீழாகும். அதைப் பிறகு சொல்கிறேன்.

வங்கியின் இருப்புநிலைக் குறிப்பில் இரு பக்கமும் இப்படித்தான் அசைகின்றன. வட்டி ஏறும்போது சொத்துகளின் மதிப்பு இறங்குகிறது. பொறுப்புகளின் மதிப்பும் இறங்குகிறது. அது வங்கிக்கு நல்லது. 6 சதவீதத்துக்கு மூன்றாண்டு வைப்பு வாங்கியிருக்கும் வங்கி, சந்தை 8 சதவீதம் கேட்கும் நாளிலும் 6தானே கொடுக்கிறது? இரண்டு இறக்கங்களின் வித்தியாசம் முழுவதும் பங்குதாரரின் தலையில் விழும். சூத்திரமாக எழுதினால் இப்படி வரும்:

ΔE ≈ −(D_A − D_L × L/A) × A × Δy

A சொத்து, L பொறுப்பு, E சொந்த மூலதனம், D டியூரேஷன், y வட்டி. அடைப்புக்குள் இருப்பதுதான் டியூரேஷன் இடைவெளி. பொறுப்புகள் சொத்தைவிடக் குறைவு என்பதால், அவற்றின் டியூரேஷனை L/A என்ற விகிதத்தால் சுருக்கிக்கொள்கிறோம்.

ஒரு கற்பனை வங்கியை எடுத்துக்கொள்வோம். மொத்தச் சொத்து 100 கோடி. அதில் 8 கோடி ரொக்கம். 52 கோடி மாறும் வட்டிக் கடன், டியூரேஷன் அரை ஆண்டு. 40 கோடி நிலையான வட்டிப் பத்திரங்கள், டியூரேஷன் 5.5. தொகையையும் டியூரேஷனையும் பெருக்கிக் கூட்டினால் 246 வரும். 100ஆல் வகுக்க, சொத்தின் டியூரேஷன் 2.46. எதிர்ப்பக்கத்தில் 42 கோடி தவணை வைப்பு, டியூரேஷன் 1.5; 50 கோடி முதிர்வுத் தேதி இல்லாத வைப்பு. மீதி 8 கோடி சொந்த மூலதனம்.

அந்த 50 கோடிக்கு என்ன டியூரேஷன் போடுவது? கேட்ட கணத்தில் கொடுக்க வேண்டிய பணம், ஆகவே பூஜ்யம் என்றால், பொறுப்புப் பக்கம் 63தான்; இடைவெளி 1.83. வட்டி 2 சதவீதப் புள்ளி ஏறினால் 3.66 கோடி போகும். 8 கோடியில் 46 சதவீதம்.

“அப்படி எல்லாரும் ஒரே நாளில் எடுக்க மாட்டார்கள், சராசரியாக மூன்றாண்டு இருக்கும்” என்று சொன்னால் பொறுப்புப் பக்கத்தில் 150 சேர்ந்து 213 ஆகும். இடைவெளி 0.33. நட்டம் 66 லட்சம், மூலதனத்தில் 8 சதவீதம்.

வங்கியில் ஒரு பத்திரம்கூட விற்கப்படவில்லை. ஒரு கடனும் மாறவில்லை. ஒரு கட்டத்தில் பூஜ்யத்துக்குப் பதிலாக 3 என்று எழுதினோம், அவ்வளவே. மாணவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். பாடப்புத்தகங்கள் சூத்திரத்தை வருவிப்பதற்குப் பல பக்கங்கள் செலவிடுகின்றன. இந்த ஒரு கட்டத்துக்கு ஒரு பத்தி கொடுத்தால் அதிகம்.

மூன்று என்று எழுதுவது ஏமாற்று வேலை இல்லை. சம்பளக் கணக்கில் கிடக்கும் பணம் உண்மையிலேயே பல ஆண்டுகள் நகராமல் இருக்கிறது. சாமுவேல்சனின் வாதத்துக்கு வலுவும் அதுதான்: சந்தை வட்டி ஏறியும் தன் வட்டி ஏறாத வைப்பு, வங்கிக்கு நீண்டகாலக் கடன் பத்திரம் போன்ற பொறுப்பு. கேள்வி, யாருடைய வைப்பு என்பதில் இருக்கிறது.

இனி சிலிக்கான் வேலி வங்கி. 2019 இறுதியில் அதன் வைப்பு சுமார் 62 பில்லியன் டாலர். 2021 இறுதியில் 189 பில்லியன். புதுத் தொழில் நிறுவனங்கள் முதலீட்டாளர்களிடம் திரட்டிய பணம் அங்கே குவிந்தது. அவ்வளவு பணத்துக்குக் கடன் கேட்பவர் இல்லை. வங்கி அதை நீண்டகாலப் பத்திரங்களில், பெரும்பாலும் வீட்டுக் கடன் பத்திரங்களில் போட்டது. முதிர்வு வரை வைத்திருப்போம் என்று ஒதுக்கிய தொகுப்பு மட்டும் 2021 இறுதியில் 98 பில்லியன், டியூரேஷன் 4.1. அதாவது வட்டி ஒரு புள்ளி ஏறினால் 4 பில்லியன் நட்டம்.

அடுத்த ஆண்டு அந்தத் தொகுப்பு 91 பில்லியனாகக் குறைந்தது. ஆனால் டியூரேஷன் 6.2ஆக நீண்டுவிட்டது. காரணம் எளிது. வட்டி குறைவாக இருக்கும்போது அமெரிக்க வீட்டுக்காரர் பழைய கடனை அடைத்துப் புதுக் கடன் வாங்குவார். பணம் சீக்கிரம் திரும்பும். வட்டி ஏறியதும் 3 சதவீதக் கடனை யாராவது முன்கூட்டி அடைப்பார்களா? பணம் திரும்புவது தள்ளிப்போகிறது. ஒரு புள்ளிக்கான நட்டம் 4 பில்லியனிலிருந்து 5.7 பில்லியனாகிறது. நட்டம் வர வர, நட்டப்படும் வேகமும் கூடுகிறது. ஆண்டுத் தொடக்கத்தில் அளந்த டியூரேஷனை வைத்து முழு ஆண்டுக்கும் கணக்குப் போட்டவர் இதைக் கோட்டைவிட்டிருப்பார்.

2022 இறுதியில் அந்தத் தொகுப்பின் சந்தை மதிப்பு புத்தக மதிப்பைவிட 15 பில்லியன் டாலர் குறைவு. வங்கியின் சொந்த மூலதனமோ சுமார் 16 பில்லியன். முதிர்வு வரை வைத்திருக்கும் பத்திரத்தைச் சந்தை விலைக்கு மாற்ற வேண்டாம் என்பது கணக்கியல் விதி என்பதால், மூலதனம் குறையாமல் அப்படியே தெரிந்தது. மறைக்கப்பட்டது என்று யாரும் சொல்ல முடியாது. ஆண்டறிக்கையில் அடைப்புக்குறிக்குள், அந்தத் தொகுப்பின் சந்தை மதிப்பு அச்சாகித்தான் இருந்தது. கழித்துப் பார்க்க ஒரு பென்சில் போதும்.

வங்கியின் உள் கணக்கு என்ன சொன்னது? மத்திய வங்கி 2023 ஏப்ரலில் வெளியிட்ட ஆய்வறிக்கை இதை விவரிக்கிறது. மூலதனத்தின் பொருளாதார மதிப்பு எவ்வளவு இறங்கலாம் என்று வங்கி தனக்கே வைத்திருந்த வரம்பு, 2017 முதலே அவ்வப்போது மீறப்பட்டு வந்தது. 2022 ஏப்ரலில் ஒரு மாற்றம் செய்தார்கள்: வைப்புகளின் டியூரேஷன் அனுமானத்தை நீட்டினார்கள். வரம்பு மீறல் குறைந்ததாகத் தெரிந்தது. இருப்புநிலைக் குறிப்பில் ஒரு டாலர் இடர்கூடக் குறையவில்லை. நம் கற்பனை வங்கியில் பூஜ்யத்தை 3 ஆக்கினோமே, அதே வேலை. போதாக்குறைக்கு, வட்டி உயர்வுக்கு எதிராக எடுத்திருந்த ஸ்வாப் பாதுகாப்புகளையும் நீக்கினார்கள். வட்டி இறங்கினால் வருமானம் குறையுமே என்ற கவலை அவர்களுக்கு. ஓராண்டு வருமானத்தைப் பார்க்கும் கண்ணும் முழு மதிப்பைப் பார்க்கும் கண்ணும் இங்கே எதிரெதிர்த் திசையில் பார்த்தன.

அனுமானம் பொய்த்துக்கொண்டிருப்பதும் அந்த ஆண்டே எண்ணில் தெரிந்தது. வட்டியில்லா வைப்புகள் 126 பில்லியனிலிருந்து 81 பில்லியனாக இறங்கின. நிறுவனங்கள் சம்பளம் கொடுக்கவும் வாடகை கட்டவும் பணத்தை எடுத்தன. புதிய முதலீடு வறண்டுபோனது. மீதி வைத்திருந்தவர்கள் வட்டி தரும் இடம் தேடினார்கள். வைப்புகளில் 90 சதவீதத்துக்கு மேல் காப்பீட்டு வரம்புக்கு வெளியே இருந்தவை. 2023 மார்ச் 8ஆம் தேதி, விற்பனைக்கென வைத்திருந்த 21 பில்லியன் பத்திரங்களை விற்று 1.8 பில்லியன் நட்டம் கண்டதாக வங்கி அறிவித்தது. மறுநாள் ஒரே நாளில் 42 பில்லியன் வெளியேறியது. 10ஆம் தேதி காலைக்கு மேலும் 100 பில்லியன் கேட்டு வரிசை நின்றது. அன்றே வங்கி மூடப்பட்டது. பல ஆண்டுகள் என்று மாதிரியில் எழுதியிருந்த டியூரேஷன் இரண்டு நாளில் பூஜ்யமானது. அதுவரை தாளில் மட்டும் இருந்த 15 பில்லியன் அப்போதுதான் உண்மையான நட்டமாயிற்று.

நம் ஊர் நிலைமை சற்று வேறு. 2019 அக்டோபர் முதல் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்களும் சிறுதொழில் கடன்களும் ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்கப்படுவதால், வட்டி ஏறினால் சுமை விரைவில் கடனாளியிடம் போய்ச் சேர்கிறது. வங்கியின் சொத்து டியூரேஷன் அந்த அளவுக்குக் குறுகுகிறது. நீண்ட டியூரேஷன் பெரும்பாலும் அரசுப் பத்திரங்களில் இருக்கிறது. இங்கும் சேமிப்புக் கணக்குக்கு எந்த எண்ணைப் போடுவது என்ற வாதம் ஒவ்வொரு வங்கியிலும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

2016இல் பாசல் குழு இந்த வாதத்துக்கு ஒரு மேல்வரம்பு வைத்தது. தனிநபர் சேமிப்பில் அதிகபட்சம் 70 சதவீதத்தை நிலையான வைப்பாகக் கருதலாம், அதன் சராசரி முதிர்வு 4.5 ஆண்டைத் தாண்டக் கூடாது. நிறுவனங்களின் வைப்பென்றால் 50 சதவீதம், 4 ஆண்டு. வட்டி மாற்றச் சோதனையில் மூலதன மதிப்பு, முதல் அடுக்கு மூலதனத்தில் 15 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் அந்த வங்கி தனியே கவனிக்கப்பட வேண்டியது. டாலருக்கு அந்தச் சோதனைகளில் ஒன்று, எல்லா வட்டியும் ஒருசேர 2 புள்ளி ஏறுவது.

நம் கற்பனை வங்கிக்கே இதைப் பொருத்திப் பாருங்கள். அந்த 50 கோடி தனிநபர் சேமிப்பு என்றால் 70 சதவீதத்தை 4.5ஆல் பெருக்க, மூன்றாண்டுக்குச் சற்று மேல் அனுமதி உண்டு. நாம் போட்ட 3 செல்லும். 8 சதவீத நட்டத்தோடு வங்கி தேறிவிடும். அதே 50 கோடி நிறுவனங்களின் பணம் என்றால் அதிகபட்சம் 2 ஆண்டு. பொறுப்புப் பக்கம் 163, இடைவெளி 0.83, நட்டம் 1.66 கோடி, மூலதனத்தில் 21 சதவீதம். பத்திரங்கள் அதேதான், தொகையும் அதேதான், இந்த வங்கி தேறாது.